அவியல் இல்லாத பந்தி

"லாரி வரலைங்கறது பந்தியில ஒருத்தருக்குக்கூடத் தெரியல. அதுதான் மாஸ்டரோட சாமர்த்தியம்." சித்தப்பா மகள் கல்யாணப் பேச்சு எங்கே எழுந்தாலும் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் இந்த வசனத்தைச் சொல்லிவிடுவார்கள். தாய்மாமா சொல்வார், அத்தை சொல்வார், அன்றைக்குப் பந்தியிலேயே உட்காராத என் மச்சினன்கூடச் சொல்வான். கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தும். ஏனென்றால் அன்று அதிகாலையிலிருந்து கடைசிப் பந்தி வரை உக்கிராணச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. என்ன இருந்தது, என்ன இல்லை, எது எப்போது எந்த அடுப்புக்குப் போனது என்பது எனக்குத் தெரியும். காய்கறி லாரி வராதது பந்தியில் இருந்தவர்களுக்கும் தெரியும். தெரியவைத்ததே சமையல் மாஸ்டர்தான். அந்த ஒரு விஷயத்தை எல்லாரும் எப்படி மறந்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அதனால் இதை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கல்யாணம் தாண்டிக்குடியில். ஐப்பசி மாதம். கீழ்ப் பழனிமலையில் ஐப்பசி என்றால் மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மண்டபம் சின்னது, நானூறு இலை கணக்கு. மாஸ்டர் வத்தலக்குண்டுக்காரர், கூட எட்டுப் பேர். முதல் நாள் மதியமே பாத்திரங்களோடு வந்து இறங்கி, இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டார்கள். மளிகை, வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு, இஞ்சி, தேங்காய், வாழையிலை எல்லாம் அவர்களோடு வந்துவிட்டன. பச்சைக் காய்கறி மட்டும் தாய்மாமா பொறுப்பு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அவருக்குத் தெரிந்தவர்கள் உண்டு. "ராத்திரி ஏத்துனா விடியுறதுக்குள்ள மேல வந்துரும், காய் வாடாம இருக்கும்" என்றார். மாஸ்டருக்கு இது முதலிலிருந்தே பிடிக்கவில்லை. காய் முதல் நாள் சாயங்காலமே அடுப்படிக்கு வந்துவிட வேண்டும், இரவோடு இரவாக நறுக்கி முடிக்க வேண்டும், விடியற்காலை என்பது அடுப்பு பற்றவைக்கிற நேரமே தவிர காய் எண்ணுகிற நேரமில்லை என்று சொல்லிப் பார்த்தார். பெண்வீட்டு மாமனிடம் ஓரளவுக்கு மேல் யார் பேச முடியும்?

நாலு மணிக்கு வர வேண்டிய லாரி நாலரை வரை வரவில்லை. டிரைவரின் போன் கிடைக்கவில்லை. கடைசியில் அவரே எங்கோ டவர் கிடைக்கிற வளைவில் நின்று பேசினார். பெரும்பாறைக்குக் கீழே ரோட்டின் குறுக்கே மரம் விழுந்திருக்கிறது, கூடவே மண்ணும் சரிந்திருக்கிறது. பின்னால் நாலைந்து வண்டிகள், திருப்பவும் வழியில்லை. திரும்பி இறங்கி, வத்தலக்குண்டு போய், கொடைக்கானல் ரோட்டில் ஏறி ஊத்து, பண்ணைக்காடு வழியாக வரலாம்தான். ஆனால் அதற்கு முதலில் பின்னால் நிற்கிற வண்டிகள் நகர வேண்டும். "மத்தியானம் ஆயிரும் அண்ணே" என்றார். முருங்கை, கத்திரி, தக்காளி, பூசணி, புடலை, கோஸ், வாழைக்காய், சேனை, பச்சை மிளகாய், மல்லித்தழை, கறிவேப்பிலை என்று மொத்தமும் அந்த வண்டியில். முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பது. முதல் பந்தி பத்தரை மணிக்கு.

காலை டிபனுக்குப் பிரச்சினை இல்லை. இட்லி மாவு பொங்கி நின்றது, பொங்கலுக்குக் காய் வேண்டாம், டிபன் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துத் தயாராக இருந்தது, சட்னிக்குத் தேங்காய் இருந்தது. ஆட்டம் கண்டது மதியச் சாப்பாடுதான். அதற்கு மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்து பேசி எழுதின சிட்டை சித்தப்பா சட்டைப்பையில் இருந்தது: முருங்கை கத்திரி சாம்பார், பூசணி மோர்க்குழம்பு, தக்காளி ரசம், அவியல், புடலங்காய்க் கூட்டு, கோஸ் பொரியல், உருளைக்கிழங்குக் காரக்கறி, தக்காளிப் பச்சடி, அப்பளம், வடை, பாயசம்.

விரித்த இலை

இந்த மாதிரி நேரத்தில் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். எங்கே என்ன காய் கிடைக்கும் என்று ஆளுக்கொரு திசையில் பேசினோம். ஒருவர் கொடைக்கானலுக்கு ஜீப் அனுப்பலாம் என்றார், ஒருவர் ஊர்க் கடைகளைத் திறக்கச் சொல்லலாம் என்றார். ஊரில் இருந்ததே இரண்டு கடை, அவற்றுக்கும் காய் அதே ரோட்டில்தான் வர வேண்டும். மாஸ்டர் அந்தப் பேச்சுக்குள் வரவே இல்லை. என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உக்கிராணத்தத் தொறங்க" என்றார். உள்ளே போய் ஒவ்வொரு சாக்காகக் கைவிட்டுப் பார்த்தார். துவரம்பருப்பு 25 கிலோ மூட்டை பிரிக்காமல் இருந்தது. கடலைப்பருப்பு, பாசிப்பருப்பு, உளுந்து. சின்ன வெங்காயம் பாதி மூட்டைக்கு மேல். உருளை முழுசாக. தயிர் நாலு கேன். தேங்காய் நூறுக்கு மேல். புளி, வற்றல் மிளகாய், மிளகு, சீரகம், பூண்டு.

வெளியே வந்து ஒரு இலையை எடுத்துத் தரையில் விரித்தார். வெறும் இலை. அதில் விரலை வைத்து, "இங்க மொறுமொறுன்னு காய்ஞ்ச மாதிரி ஒண்ணு வேணும். இங்க குழைவா, தேங்கா வாசத்தோட ஒண்ணு. இங்க காரம். இங்க புளிப்பு. சோத்து மேல ஊத்த மூணு. அவ்வளவுதான் கணக்கு" என்றார். காய்ப் பேர் ஒன்றும் வரவில்லை. நாங்கள் இல்லாமல் போன காய்களை எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் இலையில் எந்த இடம் காலியாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கோஸ் இல்லையென்றால் கோஸுக்குப் பதில் எது என்பது எங்கள் கேள்வி. உலர்ந்த கறி ஒன்று வேண்டும், அது எதிலிருந்து வரும் என்பது அவர் கேள்வி. அந்த உலர்ந்த கறிக்கு அவ்வளவு காயே வேண்டாம் என்று அரை மணி நேரத்தில் தெரிந்தபோதுதான் இரண்டு கேள்விக்கும் உள்ள தூரம் எனக்கு உறைத்தது.

"இந்த ஊர்ல என்னப்பா வெளையுது?" என்று அடுத்துக் கேட்டார். இதற்கு யாரும் யோசிக்கவே வேண்டாம். பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் எங்கு திரும்பினாலும் காப்பித் தோட்டம், அதற்கு நடுவே மலைவாழை, மரங்களில் ஏறின மிளகு, சரிவுகளில் சௌசௌப் பந்தல், பீன்ஸ். அப்போதுதான் தாய்மாமாவுக்கு உறைத்தது, மேலே வருகிற வண்டி நின்றால் கீழே போகிற வண்டியும் நிற்கும் என்று. முதல் நாள் பறித்துக் கட்டிய சௌசௌவும் பீன்ஸும் மூட்டை மூட்டையாக ரோட்டோரம் மங்களம்கொம்பில் காத்துக்கிடந்தன. நானும் மாமாவும் ஜீப்பில் போனோம். மாஸ்டர் சௌசௌவுக்கு ஒரே ஒரு குறிப்புத்தான் சொல்லி அனுப்பினார்: "அடிப்பக்கம் வாய் மாதிரி மடிப்பு இருக்கும்ல, அங்க நகத்த வச்சு அழுத்திப் பாருங்க. நகம் எறங்குனா எடுங்க. எறங்கலன்னா வேணாம். மொளவு எட்டிப் பார்த்தா தொடவே தொடாதீங்க." சௌசௌவின் விதை காய்க்குள்ளேயே முளைக்கும். அந்த அளவுக்கு முற்றிய காயை எவ்வளவு வேகவைத்தாலும் நார் வாயில் தட்டும்.

மூட்டைக்காரர் ஒருவர் சாக்கைப் பிரித்துக்கொண்டே மாமாவிடம் சொன்னது இது: "எங்க காய் கீழ எறங்கும், உங்க கல்யாணத்துக்கு வேற காய் மேல ஏறும். நடுவுல ரெண்டு லாரிக்கும் வாடகை." மாமா பதில் சொல்லவில்லை. மூட்டைக்காரரே பிஞ்சாகப் பார்த்து 35 கிலோ சௌசௌ பொறுக்கித் தந்தார். பீன்ஸ் 15 கிலோதான் நல்லதாகத் தேறியது. மழையில் நனைந்து சாக்கில் கிடந்த பீன்ஸ் சூடேறிப் புள்ளி விழுந்துவிடும், மீதியெல்லாம் அப்படித்தான் இருந்தது.

ஒரு பருப்பு, இரண்டு கறி

நாங்கள் திரும்பி வரும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. அதற்குள் மாஸ்டர் ஒரு வேலையை ஆரம்பித்திருந்தார், அன்றைய சாப்பாட்டைத் தூக்கி நிறுத்தியது அதுதான். 9 கிலோ துவரம்பருப்பும் 4 கிலோ கடலைப்பருப்பும் சேர்த்து ஊறப் போட்டிருந்தார். அதுவும் வெந்நீரில். தாண்டிக்குடியில் அந்த நேரத்துத் தண்ணீரில் கை வைக்க முடியாது. அதில் ஊறவிட்டால் பருப்பு ஒன்பது மணிக்கும் கல்லாகத்தான் இருக்கும். கை பொறுக்கும் சூட்டில் ஊற்றி மூடிவைத்ததில் ஒரு மணி நேரத்தில் நகத்தால் கிள்ள உடைந்தது.

இதற்கு முன்பே சாம்பாருக்கான பருப்பையும் ஏற்றிவிட்டார். கீழேயிருந்து மலைக்கு வரும் சமையல்காரர்கள் பலர் தடுக்கி விழுகிற இடம் இது. 1,300 மீட்டர் உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்குப் போகாது, 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். பார்க்க நன்றாகத் தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் மசியாது. தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர்தான் வற்றும், சூடு கூடாது. அண்டாவில் திறந்து வேகவைக்கிற பருப்புக்குக் கீழே ஆகிற நேரத்தைவிட மேலே நன்றாகவே கூடுதலாகும். மாஸ்டர் இந்த மலைப்பக்கம் நிறையக் கல்யாணம் செய்தவர் என்பதால் நாலே முக்காலுக்கே, என்ன சாம்பார் என்று முடிவாகும் முன்பே, பருப்பை அடுப்பில் ஏற்றி, மஞ்சள்தூளும் கொஞ்சம் விளக்கெண்ணெயும் விட்டு மூடச் சொல்லிவிட்டார். சாம்பார் எதுவானாலும் பருப்பு பருப்புத்தானே.

ஊறிய பருப்பை வற்றல் மிளகாய், சோம்பு, உப்போடு கொரகொரவென்று அரைக்கச் சொன்னார். தண்ணீர் தெளிக்கக்கூடக் கூடாது. கிரைண்டர் ஓட முரண்டு பிடித்தது, ஆள் ஒருவர் கூடவே நின்று தள்ளிவிட வேண்டியிருந்தது. அரைத்த விழுதை இரண்டாகப் பிரித்தார். பெரிய பங்கை எலுமிச்சங்காய் அளவுக்குக் கொஞ்சம் கம்மியாக உருட்டி இட்லித் தட்டுகளில் வைத்து ஆவியில் வேகவைத்தார்கள். இலைக்கு இரண்டு என்று எண்ணூறு உருண்டை. இவை பூசணிக்குப் பதிலாக மோர்க்குழம்புக்குப் போகும். சின்னப் பங்கை உருட்டாமல் அப்படியே அடை மாதிரி தட்டி வேகவைத்து, ஆறவிட்டு, கையால் உதிர்த்தார்கள். இது உசிலி. பொடியாக நறுக்கி வெந்த பீன்ஸோடு இதைச் சேர்த்துப் புரட்டினால், 15 கிலோ பீன்ஸ் நானூறு இலைக்கு வந்துவிடும். வெறும் பொரியல் என்றால் 25 கிலோவுக்குக் குறைந்து முடியாது.

எனக்கு ஒரு சந்தேகம். "மாஸ்டர், ரெண்டும் ஒரே பருப்பு. சாப்பிடுறவங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். அவர் உதிர்த்த பருப்பைக் கொஞ்சம் எடுத்து எண்ணெயில் போட்டுக் கிளறி, சிவந்து உதிரி உதிரியாக வந்ததும் என் கையில் போட்டார். வறுத்த வாசம், பல்லில் மொறுமொறுப்பு. அப்புறம் ஒரு உருண்டையைப் பிட்டு, அடித்த தயிரில் முக்கித் தந்தார். மெத்தென்று, புளிப்பை உறிஞ்சிக்கொண்டு, வேறு பண்டமாக இருந்தது. "பருப்புக்குன்னு ருசி கம்மி தம்பி. எதுல போடுறமோ அதோட ருசி அது. காய்லதான் அத மறைக்க முடியாது" என்றார்.

முதலில் ஒரே ஒரு உருண்டையைத்தான் குழம்பில் போட்டுப் பார்த்தார். உடையாமல் நின்ற பிறகுதான் மீதி. விழுதில் தண்ணீர் அதிகமானால் உருண்டை குழம்பில் கரைந்து, மோர்க்குழம்பு பருப்புக் கூழாகிவிடும். வீட்டில் நாலு பேருக்குச் செய்யும்போது பச்சை உருண்டையையே குழம்பில் போட்டு வேகவைக்கலாம். எண்ணூறு உருண்டையை அப்படிப் போட்டால் அடியில் இருப்பது மேலே இருப்பதன் பாரத்தில் நசுங்கும். அதனால் ஆவியில் வேகவைத்தே ஆக வேண்டும், அதுவும் மலையில் கூடுதலாக ஐந்து, பத்து நிமிஷம். மோர்க்குழம்பை அவர் அடுப்பில் வைத்த நேரம் மிகக் கொஞ்சம். தேங்காய், சீரகம், ஊறவைத்த அரிசி, கொஞ்சம் பருப்பு, வற்றல் மிளகாய், இஞ்சி எல்லாம் சேர்த்து அரைத்த விழுது தயிரோடு சேர்ந்தால் தயிர் சட்டென்று திரியாது. இருந்தாலும் கொதிக்கவிடக் கூடாது, விளிம்பில் நுரை கூடி உள்ளே நகர ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும். அண்டா இறக்கின பிறகும் சூடாகவே இருக்கும், உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும் என்பதால் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றச் சொன்னார். உருண்டைகள் அங்கேதான் சேர்ந்தன.

அவியல் பஞ்சாயத்து

எல்லாம் ஒரு வழிக்கு வந்துகொண்டிருந்தபோது அத்தை சமையல்கட்டுக்குள் வந்தார். "அவியல்?" என்றார். மாஸ்டர், "அவியல் இல்லம்மா" என்றார். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "சௌசௌ இருக்கு, பீன்ஸ் இருக்கு, உருளை இருக்கு, தேங்காய் தயிர் இருக்கு. போட்டுக் கிண்டுனா அவியல்தான். அவியல் இல்லாம சம்பந்தி வீட்டு முன்னாடி எலை போடுறதா?"

அன்றைய காலையின் முக்கியமான நிமிஷம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பருப்பு ஊறப்போட்டது கைப்பழக்கம், சௌசௌ கிடைத்தது அதிர்ஷ்டம். ஆனால் அத்தை சொன்னதைச் செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சிட்டையில் இருந்த பேர் இலையில் வந்திருக்கும். மாஸ்டருக்கும் அது சுலபம், சௌசௌ கூட்டு வெந்துகொண்டிருந்தது, அதில் பாதியைத் தனியே எடுத்து நாலு பீன்ஸும் உருளையும் சேர்த்துத் தயிர் விட்டால் முடிந்தது வேலை.

அவர் அடுப்பை விட்டு நகர்ந்து வந்து, அத்தையிடம் நிதானமாகச் சொன்னார். அவியல் என்றால் சேனை கரகரவென்று நிற்க வேண்டும், வாழைக்காய் மாவாக இருக்க வேண்டும், முருங்கையைக் கடித்து இழுக்க வேண்டும், ஒவ்வொரு காயும் தனித்தனியாக வாயில் பேச வேண்டும். சௌசௌவுக்கு அந்தச் சத்து கிடையாது. அது தண்ணிக்காய். அதில் அவியல் செய்தால் கூட்டுக்குத் தம்பிதான் பிறக்கும். "ரெண்டு கூட்ட எலையில வச்சு ஒண்ணுக்கு அவியல்னு பேரு வச்சா, சாப்பிடுறவங்க வாயில வச்சதும் கண்டுபிடிச்சுருவாங்கம்மா. அப்புறம் நல்லா இருக்குறதையும் சந்தேகமாத்தான் சாப்பிடுவாங்க. ஒண்ணு கொறையுதுன்னா கொறையட்டும்."

அத்தை மசியவில்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். சித்தப்பா பாவம், பட்டு வேட்டியோடு ஓடி வந்தார், முகூர்த்தத்துக்கு நேரமாகிறது. மாஸ்டர் அவரிடம் கேட்டது அவியலைப் பற்றியே அல்ல. "ஐயா, சம்பந்தி வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. ரோட்டுல மரம் விழுந்து காய் வரல, அவியலும் தக்காளிப் பச்சடியும் இல்ல, மத்ததெல்லாம் இருக்கு, எழுதுனதுல சிலது மாறிருக்குன்னு. பந்தி போடுறதுக்கு முன்னாடி நீங்க சொன்னா அது தகவல். பந்தியில அவங்களாக் கேட்டா அது கொறை."

சித்தப்பா தயங்கினார். தாய்மாமா வேண்டாம் என்றார், தன் ஏற்பாடு தவறியது வெளியே தெரியும் என்பது அவர் சங்கடம். ஆனால் சித்தப்பா போய்ச் சொன்னார். மாப்பிள்ளையின் பெரியப்பா சிரித்துக்கொண்டே, "நாங்களும் அந்த வழியாத்தானே வந்திருக்கணும், நல்லவேளை நேத்தே வந்துட்டோம்" என்றாராம். சமையல்கட்டில் இந்தச் செய்தி வந்தபோது வேலை செய்கிற கைகள் கொஞ்சம் தளர்ந்ததை நான் பார்த்தேன். ஒளிக்க ஒன்றுமில்லை என்றானதும் சப்ளை ஆட்களே இலையில் வைக்கும்போது "பருப்புருண்டை மோர்க்குழம்பு, சூடா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பரிமாறினார்கள். "யாருக்குமே தெரியல" என்கிற கதையை நான் ஒத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். தெரிந்துதான் சாப்பிட்டார்கள்.

தக்காளி இல்லாத சாம்பார்

சாம்பாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்ன வெங்காய சாம்பாரில் என்ன பெரிய வித்தை என்று தோன்றும். முருங்கையும் கத்திரியும் இல்லாததை வெங்காயம் ஈடுகட்டிவிடும். தக்காளி இல்லாததுதான் சிக்கல். கையாள் ஒருவர் புளியைக் கூடுதலாகக் கரைக்கப் போனார். மாஸ்டர் தடுத்தார். தக்காளி புளிப்பை மட்டுமா தருகிறது? குழம்புக்கு ஒரு கனம், ஒரு மெல்லிய தித்திப்பு, நிறம் எல்லாம் அதிலிருந்துதான். புளியை மட்டும் ஏற்றினால் சாம்பார் புளிக்குழம்பாக நிற்கும். அவர் புளியை ஒரு பிடிதான் கூட்டினார். வெந்த பருப்பைக் கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்தார். வெங்காயத்தில் கால் பங்கை நன்றாக வதக்கி அரைத்து விட்டார், கனமும் தித்திப்பும் அதில் வந்துவிட்டன. மல்லித்தழை இல்லாத குறைக்கு, தனியா, கடலைப்பருப்பு, வெந்தயம், வற்றல் மிளகாய், தேங்காய் வறுத்து அரைத்துக் கடைசியில் சேர்த்தார். கறிவேப்பிலைக்கு ஊர்ப் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்க் கிளை ஒடித்து வந்தார்கள்.

ரசம் தக்காளி ரசத்திலிருந்து மிளகு ரசமாக மாறியது. இந்த மாற்றத்தில் யாருக்கும் வருத்தம் இருந்திருக்க முடியாது, அந்தக் குளிருக்கு அதுதான் பொருத்தம். மிளகு அந்த மலையிலேயே விளைந்தது. பூண்டு பூம்பாறைப் பூண்டு, சின்னப் பல்லாக இருந்தாலும் காரம் அதிகம். வழக்கமான அளவில் முக்கால்தான் தட்டிப் போட்டார். பச்சடிக்குப் பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கித் தயிரில் போட்டு, வற்றல் மிளகாய் தாளித்தார்கள், அவ்வளவுதான். உருளைக்காரக்கறி எழுதியபடியே வந்தது.

சௌசௌ கூட்டில்தான் கொஞ்சம் இடறியது. தோல் சீவும்போது வடிகிற பால் கையில் ஒட்டிக் காய்ந்து, தோலை இறுக்கிப் பிடிக்கும். பழகாதவர்களுக்குக் கை மரத்துப்போன மாதிரி இருக்கும். மாஸ்டரின் ஆட்கள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, காயைத் தண்ணீரில் முக்கி முக்கிச் சீவினார்கள். உதவிக்கு வந்த எங்கள் வீட்டுப் பெண்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை, பட்டுப்புடவையோடு கையை விரிக்க முடியாமல் நின்றார்கள். நறுக்கிய காயை இரண்டு அகலப் பாத்திரங்களில் பிரித்துப் போட்டார், ஆழமான அண்டாவில் போட்டால் அடிக்காய் குழைந்து மேல்காய் வேகாமல் நிற்கும். சௌசௌ வேகும்போது தானே தண்ணீர் விடும் என்பதால் தெளித்த அளவுக்குத்தான் தண்ணீர். முதல் பாத்திரம் சரியாக வந்தது. இரண்டாவதில் புதிதாக வந்த ஒரு பையன் உப்பை ஆரம்பத்திலேயே போட்டுவிட்டான். காய் எல்லாத் தண்ணீரையும் கக்கிவிட்டது. மாஸ்டர் பார்த்தார், திட்டவில்லை. வெந்த காயை ஜல்லிக்கரண்டியில் அரித்துத் தனியே எடுத்து, மீந்த தண்ணீரில் பாசிப்பருப்பைக் கூடுதலாகச் சேர்த்து வற்றவிட்டு, பிறகு காயைத் திருப்பிச் சேர்த்தார். அப்படியும் மூன்றாம் பந்திக்குப் போன கூட்டு தளர்வாகத்தான் இருந்தது. இலையில் ஓடியது என்று ஒரு பாட்டி சொன்னதை நானே கேட்டேன்.

உசிலியும் கடைசிப் பந்திக்குப் போதவில்லை. முதல் பந்தியிலேயே இரண்டாம் தடவை கேட்டு வாங்கினவர்கள் அதிகம். சப்ளை ஆட்களிடம் மாஸ்டர் "மறு வட்டம் கரண்டியில பாதி" என்று சொல்லியும் நடக்கவில்லை. கடைசி நாற்பது இலைக்கு உருளையும் கூட்டும் மட்டும் தொட்டுக்கொள்ள. அந்தப் பந்தியில் பெரும்பாலும் எங்கள் வீட்டு ஆட்கள், சமையல்காரர்கள், டிரைவர்கள். மாப்பிள்ளை வீட்டார் யாரும் அதில் இல்லாதது தற்செயல் இல்லை, சித்தப்பா ஓரமாக நின்று ஒழுங்குசெய்தது.

லாரி

லாரி ஒரு மணி சுமாருக்கு வந்தது. முருங்கைக்காய்க் கட்டு, கத்திரி, பூசணி எல்லாம் வாடாமல்தான் இருந்தன, மாமா சொன்னபடியே. மாஸ்டர் வெளியே வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். தக்காளி ஒரு பெட்டி, பச்சை மிளகாய், மல்லித்தழை, கோஸ் ஒரு மூட்டை மட்டும் இறக்கச் சொன்னார். அன்று இரவு ஊர்க்காரர்களுக்கு வைக்க வேண்டிய சாப்பாட்டுக்கு அது போதும். மீதியை என்ன செய்வது என்று மாமா கேட்டார். "கடைக்காரங்க ரெண்டு பேரு காலையில இருந்து காய் இல்லாம கதவச் சாத்திட்டு உக்காந்திருக்காங்க, குடுங்க" என்றார். பூசணியும் முருங்கையும் அப்படித்தான் போனது, வாங்கின விலைக்குக் கொஞ்சம் கீழே.

பிற்பாடு கணக்குப் பார்த்தபோது ஒரு தகராறு வந்தது. சிட்டையில் எழுதினதில் இரண்டு பண்டம் குறைந்ததற்குக் கூலியில் கழிக்க வேண்டும் என்றார் மாமா. சித்தப்பா கழிக்கவில்லை. மாஸ்டரும் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. அவியல் இல்லாத குறையை அத்தை இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், அதே மூச்சில் "யாருக்குமே தெரியல" என்றும் சொல்கிறார்.

என் தங்கை கல்யாணம் தை மாதம் திண்டுக்கல்லில். அதே மாஸ்டரிடம்தான் பேசப் போனோம். அந்தப் பருப்புருண்டை மோர்க்குழம்பும் சௌசௌ கூட்டும் வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். உருண்டை சரி, சௌசௌ வேண்டாம் என்றார் மாஸ்டர். தையில் கீழே வந்து சேரும் காய் எத்தனை நாள் மூட்டையில் கிடந்தது என்று சொல்ல முடியாது, புடலங்காய் போடலாம் என்றார். முன்பணத்தை வாங்கிக்கொண்டு, நோட்டில் தேதிக்குக் கீழே காய் முதல் நாள் மாலை நாலு மணிக்குள் என்று எழுதி, அடியில் கோடு போட்டு, அப்பாவிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.